'இன்று மட்டும்' என்றால் இன்று மட்டும்தானா? - ஆஃபர் கேப்ஷனை நேர்மையாக எழுதுவது எப்படி?

"அக்கா, போன வாரமும் இதே 'கடைசி நாள்'தானே போட்டிருந்தீங்க?"

வீட்டிலிருந்தே வாட்ஸ்அப்பில் சேலை விற்கும் தோழி ஒருவருக்கு, கஸ்டமர் ஒருவர் அனுப்பிய மெசேஜ் இது. பக்கத்தில் ஒரு சிரிப்பு எமோஜி வேறு. திட்டவில்லை, சண்டை போடவில்லை. ஆனால், அந்தச் சிரிப்புதான் தோழியைச் சுட்டுவிட்டது. "ஏமாத்தணும்னு நினைச்சா போட்டேன்? எல்லாரும் அப்படித்தானே போடறாங்க, நானும் போட்டேன்" என்று என்னிடம் புலம்பினார்.

அவர் போட்டிருந்த கேப்ஷனை எடுத்துப் பார்த்தேன்.

"மெகா ஆடி ஆஃபர்!!! செட்டிநாடு காட்டன் சேலைகள் 50% வரை தள்ளுபடி! இன்று மட்டும்! ஸ்டாக் வேகமாகத் தீர்ந்துகொண்டிருக்கிறது! விலைக்கு இன்பாக்ஸ் வாங்க! நிபந்தனைகளுக்கு உட்பட்டது."

இதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சேலை இருந்த இடத்தில் முறுக்கோ, குர்தியோ, ஃபேஷியல் பேக்கேஜோ இருந்திருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். இதில் விலை இல்லை. என்றைக்கு முடிகிறது என்பது இல்லை. என்ன நிபந்தனை என்பதும் இல்லை. இருப்பதெல்லாம் அவசரம் மட்டும்தான். அந்த அவசரமும் உண்மை இல்லை என்று போன வாரம் பார்த்தவருக்குத் தெரிந்துவிட்டது.

அப்படியானால், அவசரப்படுத்தவே கூடாதா? அப்படியில்லை. அவசரம் உண்மையாக இருந்தால் அதைச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். நாளைக்கு விலை ஏறப்போகிறது என்றால், அதை இன்றைக்கே சொல்வது கஸ்டமருக்குச் செய்யும் உதவி. ஆகவே, கேப்ஷன் எழுத உட்காருவதற்கு முன்பே நாம் சரிசெய்ய வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது.

முதலில் காரணம், அப்புறம்தான் கேப்ஷன்

தோழியிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "இந்த ஆஃபர் ஏன் முடியணும்?" என்பதுதான். அவரிடம் சட்டென்று பதில் இல்லை. கொஞ்சம் பேசிய பிறகு உண்மையான காரணம் வெளியே வந்தது.

அவரிடம் 32 சேலைகள் மிச்சம் இருந்தன. ஆகஸ்ட் முதல் வாரத்தில் தீபாவளிக்கான சேலைகளுக்கு நெசவாளரிடம் முன்பணம் கட்ட வேண்டும். பீரோவில் இடமும் இல்லை, கையில் பணமும் இல்லை. ஆகஸ்ட் 3, திங்கள்கிழமைக்குள் கையில் எவ்வளவு பணம் சேருகிறதோ, அந்த அளவுக்குத்தான் புது ஸ்டாக். அதற்குப் பிறகு விலையைக் குறைத்து விற்க அவருக்கு எந்த அவசியமும் இல்லை.

இதுதானே நிஜமான அவசரம்! ஆடித் தள்ளுபடியே இப்படிப் பிறந்ததுதான். ஆடியில் கல்யாணம், கிரகப்பிரவேசம் என்று விசேஷங்கள் வைக்க மாட்டார்கள் என்பதால் ஜவுளிக்கடைகளில் வியாபாரம் படுத்துவிடும். பழைய சரக்கைத் தள்ளிவிட்டு, பண்டிகைக்குப் புதுச் சரக்கு வாங்க வேண்டிய கட்டாயம் வரும். அதனால் விலையைக் குறைத்தார்கள்.

உங்கள் ஆஃபருக்கும் இப்படி ஒரு காரணம் இருக்க வேண்டும். 'இந்தத் தேதிக்குப் பிறகு எனக்கு என்ன மாறுகிறது?' என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். புது ஸ்டாக் வருகிறது, பழம் பழுத்துவிடும், மாவு மில் விடுமுறை, ஒரு நாளைக்கு 15 கிலோவுக்கு மேல் முறுக்கு சுட முடியாது, பார்லரில் வார நாள்களில் மதியம் மட்டும்தான் நாற்காலி காலி... இவையெல்லாம் காரணங்கள். எதுவுமே மாறவில்லை என்றால், அது காலக்கெடு உள்ள ஆஃபர் இல்லை. அதுதான் உங்கள் பொருளின் நிஜ விலை. பேசாமல் விலையைக் குறைத்துவிட்டு, 'புது விலை' என்று போட்டுவிடலாம்.

அடிச்சுப் போட்ட விலை நிஜமா?

அடுத்தது விலை. 'விலைக்கு இன்பாக்ஸ்' என்பதை முதலில் தூக்கிவிடுங்கள். விலை தெரியாமல் ஒருவர் அவசரப்பட முடியாது. அவரை அவசரப்படுத்தும் கேப்ஷனில் விலையை ஒளித்துவைப்பது, பஸ் கிளம்பப்போகிறது என்று கத்திவிட்டு எந்த ஊர் பஸ் என்று சொல்லாமல் இருப்பது மாதிரி.

தோழி அந்தச் சேலையைச் சித்திரையிலிருந்து ரூ.1,150-க்கு விற்றுவந்தார். ஆஃபரில் ரூ.950. அதாவது 200 ரூபாய் குறைவு. சதவிகிதத்தில் பார்த்தால் சுமார் 17%. "17%னு போட்டா யாரு திரும்பிப் பார்ப்பா?" என்றார். 50% என்று எப்படி வந்தது என்று கேட்டால், ஒரே ஒரு சேலையில் முந்தானை ஓரம் லேசாகக் கறை. அதை மட்டும் பாதி விலைக்குக் கொடுக்க நினைத்திருந்தார். அந்த ஒரு சேலைக்காக '50% வரை'!

'வரை', 'முதல்' என்ற இரண்டு குட்டி வார்த்தைகள் செய்யும் வேலை இது. 'ரூ.499 முதல்' என்று போட்டுவிட்டு, 499-க்கு ஒரே ஒரு பீஸ் வைத்திருப்பதும் இதே ரகம்தான். பார்ப்பவர் மனதில் பதிவது எண் மட்டும்தான், 'முதல்' பதியாது. பெரும்பாலான சேலைக்கு எந்த விலையோ, அதைப் போடுங்கள். கறை பட்ட சேலையைக் கறை தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, தனியாக ஒரு போஸ்ட்டாகப் போடலாம்.

இன்னொரு வழியும் அவருக்குத் தோன்றியிருந்தது. "ரூ.1,900-ஐ அடிச்சுட்டு 950னு போட்டா பாதி விலைனு ஆயிடுமே..." ஆகும். ஆனால், அந்த ரூ.1,900-க்கு அவர் ஒரு சேலைகூட விற்றதில்லை. அடித்துக் காட்டும் விலை, யாராவது ஒருவர் உங்களிடம் நிஜமாகவே கொடுத்து வாங்கிய விலையாக இருக்க வேண்டும். அதை எப்படிச் சரிபார்ப்பது? பில் புத்தகத்தையோ, யு.பி.ஐ-யில் வந்த பணத்தையோ புரட்டிப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கு ஒரு விதியே இருக்கிறது. தள்ளுபடி என்று அறிவித்தால், அதற்கு முந்தைய 30 நாள்களில் எந்த விலை மிகக் குறைவாக இருந்ததோ, அதைத்தான் பழைய விலையாகக் காட்ட வேண்டும். ஆஃபருக்கு முந்தைய நாள் விலையை ஏற்றி, மறுநாள் இறக்கும் தந்திரம் இதனால் செல்லாது. நம் ஊர்க் கடைக்கும் இதை ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

விலையைக் குறைப்பதற்கு முன், உங்கள் பக்கக் கணக்கையும் ஒருமுறை போட்டுவிடுங்கள். தோழிக்குச் சேலையின் அடக்க விலை ரூ.720. கவர், டேப் என்று பேக்கிங்குக்கு ரூ.20. ஆக ரூ.740. பழைய விலையில் ஒரு சேலைக்கு ரூ.410 நின்றது. ஆஃபர் விலையில் ரூ.210 மட்டுமே. விலையில் குறைந்தது 17%தான், லாபத்தில் குறைந்தது ஏறக்குறைய பாதி! முன்பு 10 சேலை விற்றுப் பார்த்த லாபத்தை இப்போது பார்க்க, 20 சேலை விற்க வேண்டும். இந்தக் கணக்கு தெரிந்தவருக்கு, ஆஃபரை நீட்டிக்கொண்டே போகலாம் என்ற ஆசை தானாகவே குறைந்துவிடும்.

கடைசியாக ஒன்று. கையிலிருந்து மொத்தம் எவ்வளவு போகும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். சேலை ரூ.950, கூரியர் ரூ.60 என்றால், 'மொத்தம் ரூ.1,010' என்று எழுதிவிடலாம். ஆர்டர் கொடுத்து, அட்ரஸ் அனுப்பி, பணம் போடும் நேரத்தில் "கூரியர் தனி சிஸ்டர்" என்றால், 60 ரூபாய்க்காக இல்லாவிட்டாலும், முதலிலேயே சொல்லவில்லையே என்றுதான் கோபம் வரும்.

'இன்று' என்றால் எந்த இன்று?

காலக்கெடுவில்தான் நல்லவர்களும் தடுக்கி விழுகிறார்கள். பொய் சொல்ல வேண்டும் என்று இல்லை, எழுதும் விதத்தில் பொய்யாகிவிடுகிறது.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரம் இருக்கும். சனிக்கிழமை இரவு 8 மணிக்கு 'இன்று மட்டும்' என்று போட்டால், ஞாயிறு மாலை 7 மணிக்குப் பார்ப்பவருக்கும் அது 'இன்று'தான். இன்ஸ்டாகிராம் போஸ்ட் நான்கு நாள் கழித்துக்கூட ஒருவர் கண்ணில் படும். ஃபார்வேர்டு மெசேஜைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். போன வருஷ ஆடி ஆஃபர் இந்த வருஷ ஃபேமிலி குரூப்பில் வந்து விழும். அதனால் இன்று, நாளை, இந்த வாரம் போன்ற வார்த்தைகளை விட்டுவிட்டு தேதி, மாதம், வருஷம், கிழமை, மணி எல்லாம் எழுதுங்கள். 'ஆகஸ்ட் 2, 2026, ஞாயிறு இரவு 9 மணி வரை.' இதை எப்போது, எங்கே பார்த்தாலும் அர்த்தம் மாறாது.

'2-ம் தேதி வரை' என்று மட்டும் போட்டால், 2-ம் தேதி சேர்த்தியா, இல்லையா என்ற கேள்வி வரும். 'ஞாயிறு இரவு 12 மணி வரை' என்றால் குழப்பம் இன்னும் அதிகம். சனி முடிந்து ஞாயிறு பிறக்கும் 12-ஆ, ஞாயிறு முடிகிற 12-ஆ? நீங்கள் முழித்திருந்து பதில் சொல்லக்கூடிய நேரமாக வைப்பதே நல்லது. தோழி 9 மணி என்று வைத்ததற்கு அதுதான் காரணம்.

அடுத்து, எந்த நேரம் கணக்கு? 8.55-க்கு "எனக்கு அந்த மாம்பழ மஞ்சள் வேணும்" என்று மெசேஜ். பணம் வந்தது 9.40-க்கு. இவருக்கு எந்த விலை? மெசேஜ் வந்த நேரமா, பணம் வந்த நேரமா என்பதை முன்கூட்டியே முடிவு செய்து, கேப்ஷனிலேயே சொல்லிவிட வேண்டும். 'பணம் வந்து சேர்ந்த நேரமே கணக்கு' என்ற ஒரு வரி, பத்து வாக்குவாதங்களை மிச்சப்படுத்தும். பேங்க் சர்வர் மக்கர் செய்து 9 மணிக்கு முன் அனுப்பிய பணம் தாமதமாக வந்தால், ஸ்க்ரீன்ஷாட்டைப் பார்த்துவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள். அது நியாயம்.

ஸ்டாக்கும் ஒரு வகையில் காலக்கெடுதான். 'வேகமாகத் தீர்கிறது' என்பதற்குப் பதில், எண்ணிச் சொல்லுங்கள். '32 சேலைகள் இருக்கின்றன. ஒவ்வொரு நிறத்திலும் ஒன்றுதான்.' பிறகு எண் குறையும்போது ஸ்டேட்டஸில் புதுப்பியுங்கள். மிச்சம் உள்ளவற்றை அடுக்கிவைத்து எடுத்த நிஜ போட்டோ, பத்து நெருப்பு எமோஜியைவிட அதிகம் பேசும். ஆனால் 20 இருக்கும்போது '3 மட்டுமே' என்று போட்டால், மூன்றையும் நாலு பேர் கேட்டு, நாலு பேருக்கும் நீங்கள் கொடுத்தால், அந்த நாலு பேரில் இருவர் தோழிகளாக இருந்தால்... மாட்டிக்கொள்வீர்கள்.

ஸ்டார் போட்டு ஒளிக்காதீங்க

'நிபந்தனைகளுக்கு உட்பட்டது.' இதைப் போல ஒன்றுமே சொல்லாத வாக்கியம் வேறு இல்லை. எந்த நிபந்தனைகள்?

எல்லாவற்றையும் எழுதினால் கேப்ஷன் பத்திரம் மாதிரி ஆகிவிடும் என்ற பயம் வேண்டாம். ஒருவர் வாங்கலாமா, வேண்டாமா என்ற முடிவையே மாற்றக்கூடிய நிபந்தனைகள் மூன்று, நான்குதான் இருக்கும். எந்த ஊர்களுக்கு அனுப்புவீர்கள், பணம் எப்படிக் கட்ட வேண்டும், திருப்பித் தரலாமா, ஒருவருக்கு எத்தனை. அவற்றை மட்டும் சாதாரணத் தமிழில் எழுதினால் போதும். கேப்ஷன் தமிழில் இருந்தால் நிபந்தனையும் தமிழில் இருக்கட்டும்.

எதை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். இன்ஸ்டாகிராமில் முதல் ஓரிரு வரிதான் கண்ணில் படும், மீதியைப் பார்க்க ஒரு தட்டு தட்ட வேண்டும். அதனால் பொருள், விலை, முடியும் நேரம் மூன்றும் முதல் இரண்டு வரிக்குள் வந்துவிட வேண்டும். ஆஃபரையே சிலருக்கு இல்லாமல் செய்யும் நிபந்தனை ஏதாவது இருந்தால், உதாரணமாக 'இரண்டு வாங்கினால் மட்டுமே இந்த விலை' என்றால், அதுவும் விலைக்குப் பக்கத்திலேயே வர வேண்டும். அதைக் கீழே தள்ளினால், விலையே பொய்யாகிவிடும்.

'நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச்' பற்றி ஒரு வார்த்தை. 'பிடிக்கலை, கலர் ஒத்துவரலை' என்பதற்குத் திரும்ப வாங்க மாட்டோம் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால், கிழிசலோடு போன சேலைக்கும் அதையே சொல்ல முடியாது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை 'நியாயமற்ற வணிக நடைமுறை' என்கிறது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019. பில்லில் கால வரம்பு குறிப்பிட்டிருந்தால் அதற்குள், குறிப்பிடவில்லை என்றால் 30 நாள்களுக்குள் திருப்ப வேண்டும். ஆஃபர் விலை என்பதால் இது மாறிவிடாது. அதனால் இரண்டையும் பிரித்து எழுதுங்கள், கால வரம்பைப் பில்லிலும் குறிப்பிடுங்கள்.

சட்டம் என்ன சொல்லுது?

"வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கெல்லாம் சட்டமா?" என்று தோழி சிரித்தார். விளம்பரம் எங்கே வந்தாலும் விளம்பரம்தான்.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுக்க வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அதில் 'தூண்டில் விளம்பரம்' பற்றித் தனியாகவே சொல்லப்பட்டிருக்கிறது. சொன்ன விலைக்குக் கொடுக்கப் போதுமான சரக்கு இல்லாமல் ஆளை இழுக்கக் கூடாது. சரக்கு குறைவு என்றால் அதை விளம்பரத்திலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். ஊர்க் கட்டுப்பாடு போன்றவற்றை மறைக்கக் கூடாது. நிபந்தனைக் குறிப்பு, விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில், கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும்.

அடுத்து 2023 நவம்பரில் வந்தது, 'டார்க் பேட்டர்ன்' எனப்படும் ஆன்லைன் தந்திரங்களுக்கு எதிரான வழிகாட்டுதல்கள். அதில் பட்டியலிடப்பட்டுள்ள 13 தந்திரங்களில் ஒன்று, பொய்யான அவசரம். உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகச் சரக்கு இருப்பதாகக் காட்டி, உடனே வாங்கவைப்பது இதில் அடங்கும். விலையைக் கொஞ்சம் கொஞ்சமாக, கடைசியில் ஏற்றிக்காட்டுவதும் அதே பட்டியலில் உண்டு. இது இணையதளங்களுக்கு மட்டுமல்ல, விற்பவர்களுக்கும் விளம்பரம் செய்பவர்களுக்கும் பொருந்தும். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல்முறை ரூ.10 லட்சம் வரை அபராதம் விதிக்க அந்த ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. கஸ்டமர் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு ஒரு போன் போட்டால், புகார் பதிவாகிவிடும்.

32 சேலை விற்பவரைத் தேடி டெல்லியிலிருந்து யாரும் வரப்போவதில்லை என்று நினைக்கலாம். ஆனால், சின்ன வியாபாரத்தில் அபராதத்தைவிடப் பெரிய நஷ்டம், அந்தச் சிரிப்பு எமோஜிதான்.

மறுபடி எழுதிய கேப்ஷன்

இத்தனையும் பேசிவிட்டு, இருவரும் உட்கார்ந்து எழுதியது இது.

"செட்டிநாடு காட்டன் சேலை ரூ.950. (ஜூலை 30 வரை எங்கள் விலை ரூ.1,150)
ஆகஸ்ட் 2, 2026, ஞாயிறு இரவு 9 மணி வரை மட்டும்.
இருப்பது 32 சேலைகள். ஒவ்வொரு நிறத்திலும் ஒன்றுதான்.
தீபாவளி ஸ்டாக் எடுக்கப் பணமும் இடமும் வேணும், அதான் இந்த விலை!
தமிழ்நாட்டுக்குள் கூரியர் ரூ.60. மொத்தம் ரூ.1,010.
பணம் வந்து சேர்ந்த நேரமே கணக்கு. கேஷ் ஆன் டெலிவரி இல்லை.
கிழிசல், கறை, வேறு நிறம் வந்தால் 3 நாளுக்குள் சொல்லுங்க. மாற்றித் தருவோம் அல்லது பணம் திரும்பத் தருவோம். மற்ற காரணங்களுக்கு ரிட்டர்ன் இல்லை.
திங்கள்கிழமை முதல் மறுபடி ரூ.1,150."

படித்துப் பாருங்கள். ஆச்சர்யக்குறி ஒன்றே ஒன்றுதான். ஆனால் அவசரம் குறையவில்லை. கடைசி வரிதான் இதில் கனமானது. 'திங்கள்கிழமை முதல் மறுபடி ரூ.1,150' என்பது வாக்குறுதி. அதை எழுதும்போது தோழிக்கே கை கொஞ்சம் தயங்கியது. "விற்காம போச்சுன்னா?" என்றார்.

9.20-க்கு வந்த மெசேஜ்

வெள்ளி காலை 10 மணிக்குப் போட்டார். ஞாயிறு இரவு 9 மணிக்கு, 32-ல் 23 சேலைகள் போயிருந்தன. கையில் ரூ.21,850. நெசவாளரின் முன்பணத்துக்கு அது போதும். லாபம் என்று பார்த்தால் ரூ.4,830. பழைய விலையில் 12 சேலை விற்றிருந்தாலே ஏறக்குறைய இந்த லாபம் வந்திருக்கும். ஆனால், அவருக்கு வழக்கமாக 12 சேலை விற்க மூன்று வாரம் ஆகும். அவருக்குத் தேவைப்பட்டது மூன்று நாளில் பணம்.

மிச்சம் 9 சேலைகள். 9.20-க்கு ஒரு மெசேஜ். "சிஸ்டர், இப்பதான் பார்த்தேன். பச்சை இருக்கா? 950 போட்டுடவா?"

இங்கேதான் கேப்ஷனின் நேர்மைக்குப் பரீட்சை. 20 நிமிஷம்தானே, கொடுத்தால் ஒரு சேலை போகுமே என்று யாருக்கும் தோன்றும். ஆனால், சாயங்காலம் பையனை டியூஷனில் விட்டுவிட்டு, ரோட்டோரம் வண்டியை நிறுத்தி, 8.50-க்குப் பணம் போட்ட கஸ்டமர் ஒருவர் இருக்கிறார். 9.20-க்கும் 950 என்றால், அவரை நாம் ஏன் ஓடவைத்தோம்?

தோழி பதில் அனுப்பினார். "பச்சை இருக்கு சிஸ்டர். ஆஃபர் 9 மணிக்கு முடிஞ்சது, இப்ப 1,150. 9 மணிக்குள்ள வாங்கினவங்களுக்கு நியாயமா இருக்கணும் இல்லையா, தப்பா நினைக்காதீங்க. அடுத்த ஆஃபர் போடும்போது உங்களுக்குச் சொல்றேன்." அவர் அன்றைக்கு வாங்கவில்லை. பரவாயில்லை.

உடனே இன்னொரு வேலையும் செய்தார். இன்ஸ்டாகிராம் போஸ்ட்டின் முதல் வரியில் 'ஆஃபர் முடிந்தது' என்று திருத்தினார், ஸ்டேட்டஸை நீக்கினார். வாட்ஸ்அப்பில் அனுப்பிய மெசேஜை 15 நிமிஷத்துக்குள்தான் திருத்த முடியும். அதனால் குரூப்பில் போட்டதற்குக் கீழே, 'ஆஃபர் முடிந்தது. நன்றி' என்று புதிதாக ஒரு வரி போட்டார். முடிந்த ஆஃபர் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தால், பார்ப்பவருக்கு அது முடியாத ஆஃபர்தான்.

சரி, ஆஃபரை நீட்டிக்கவே கூடாதா? உங்கள் பக்கம் தடங்கல் என்றால் நீட்டிக்கலாம். மூன்று நாள் மழையில் கரன்ட் இல்லை, உங்கள் யு.பி.ஐ. வேலை செய்யவில்லை, பலர் பணம் அனுப்ப முடியாமல் நின்றார்கள் என்றால், காரணத்தைச் சொல்லி, புது முடிவு நேரத்தையும் சொல்லி, ஒரே ஒருமுறை நீட்டியுங்கள். 'உங்கள் அமோக ஆதரவால் மேலும் ஒரு வாரம்' என்பது மட்டும் வேண்டாம். அமோக ஆதரவு இருந்திருந்தால் ஸ்டாக் தீர்ந்திருக்குமே என்று கஸ்டமருக்குத் தெரியாதா என்ன?

மிச்சமான அந்த 9 சேலைகளை என்ன செய்தார்? ரூ.1,150-க்கே வைத்திருந்தார். ஒன்றிரண்டாகப் போய்க்கொண்டிருக்கின்றன. பச்சைச் சேலையும் போய்விட்டது, வேறொருவருக்கு.

9.20-க்குக் கேட்டவர் சில நாள் கழித்து மெசேஜ் அனுப்பியிருந்தார். "சிஸ்டர், தீபாவளி ஆஃபர் எப்போ? தேதி மட்டும் சொல்லுங்க, அலாரம் வெச்சுக்கறேன்."

இந்த முறையும் பக்கத்தில் ஒரு சிரிப்பு எமோஜி இருந்தது. தோழி அதைப் பார்த்துத் தானும் சிரித்தார்.